அடக்க விலைக்கும் கீழே சர்க்கரை: கடைகள் சில பொருள்களை நட்டத்தில் விற்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் சனி, ஞாயிறுகளில் சர்க்கரை மொத்த விலையை விடவும் குறைவாகக் கிடைக்கிறது. நட்டத்துக்கு விற்று ஒரு கடை எப்படிப் பிழைக்கும்?

கடைக்காரர் சர்க்கரையில் லாபம் பார்ப்பதில்லை. சர்க்கரைக்காக உள்ளே வருபவரின் முழு பில்லில்தான் லாபம் பார்க்கிறார். ஒரு வீட்டின் மாத மளிகைப் பட்டியலில் முப்பது, நாற்பது பொருள்கள் இருக்கும். அவற்றில் ஐந்தாறின் விலைதான் நமக்கு மனப்பாடம். மற்றவை எந்தக் கடையில் என்ன விலை என்று நாம் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஒப்பிட நேரமும் இருப்பதில்லை. ஆகவே, மனப்பாடமாக விலை தெரிந்த பொருளைக் கண்ணுக்குத் தெரியும்படி குறைத்து வைத்தால், அந்தக் கடை முழுவதுமே மலிவு என்ற எண்ணம் உண்டாகிறது. அந்த எண்ணத்துக்குக் கடைக்காரர் தரும் விலைதான் சர்க்கரையில் ஏற்படும் நட்டம். விளம்பரத்துக்குச் செய்யும் செலவைப் போன்றதுதான் இதுவும். ஆனால் இந்தச் செலவு நாளிதழுக்கோ தொலைக்காட்சிக்கோ போகாமல் வாடிக்கையாளரின் கைக்கே போகிறது.

வணிகத் துறையில் இத்தகைய பொருளை ‘லாஸ் லீடர்’ என்பார்கள். தான் நட்டப்பட்டு மற்றப் பொருள்களுக்கு ஆள் அழைத்து வரும் பொருள் என்பது அதன் கருத்து. இந்தப் பக்கத்தில் அதை ஈர்ப்புப் பொருள் என்று குறிப்பிடுகிறேன்.

கடையில் ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்கும்போது, ஏன் எப்போதும் சர்க்கரை, எண்ணெய், வெங்காயம், முட்டை என்று அதே பொருள்கள்?

ஈர்ப்புப் பொருளுக்கு முதல் தகுதி, அதன் நியாயமான விலை வாங்குபவருக்குத் தெரிந்திருப்பது. மிளகுத்தூளின் விலையைப் பத்து ரூபாய் குறைத்தாலும் பலர் அதைக் கவனிப்பதில்லை. சர்க்கரையில் மூன்று ரூபாய் குறைந்தால் தெருவே பேசும். இரண்டாவது தகுதி, பொருள் எங்கும் ஒரே மாதிரியாக இருப்பது. அரிசி இல்லாத தமிழ் வீடு இல்லை என்றாலும் அரிசி நல்ல ஈர்ப்புப் பொருளாவது அரிது. பொன்னி, பழைய அரிசி, புது அரிசி, பச்சரிசி, புழுங்கல் என்று வகைகள் ஏராளம் என்பதால், விலை குறைந்திருக்கிறது என்று சொன்னால் ‘தரம் குறைந்ததாக இருக்கும்’ என்ற ஐயமே முதலில் எழுகிறது. சர்க்கரையில் அந்த ஐயத்துக்கு அவ்வளவு இடமில்லை.

மூன்றாவது தகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாங்கியவர் அதை மாதக்கணக்கில் சேர்த்து வைக்க முடியாததாக இருந்தால் கடைக்கு நல்லது. தக்காளி, வெங்காயம், முட்டை ஆகியவை இந்த வகையில் மிகச் சிறந்தவை. இன்று வாங்கியவர் அடுத்த வாரம் மீண்டும் வந்தாக வேண்டும். சர்க்கரையும் எண்ணெயும் கெடாமல் இருப்பதால், அவற்றுக்கு அளவுக் கட்டுப்பாடு தேவைப்படுகிறது. கெடாத பொருளைக் கட்டுப்பாடின்றி நட்டத்தில் கொடுத்தால், அடுத்த இரண்டு மாத விற்பனையை இன்றே நட்டத்துக்கு விற்றதாகிவிடும்.

உண்மையில் கடைக்கு எவ்வளவு நட்டம், எவ்வளவு வரவு? ஒரு கணக்காகக் காட்ட முடியுமா?

காட்டலாம். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. ஆனால் கணக்கின் முறை எந்த மளிகைக் கடைக்கும் பொருந்தும்.

நடுத்தர நகரம் ஒன்றில் ஒரு சூப்பர் மார்க்கெட். வண்டி வாடகை, பொட்டலம் கட்டும் செலவு உட்பட ஒரு கிலோ சர்க்கரையின் அடக்கம் 42 ரூபாய். வழக்கமான விற்பனை விலை 45 ரூபாய். சனி, ஞாயிறு இரண்டு நாள் மட்டும் 37 ரூபாய்க்கு, பில்லுக்கு 2 கிலோ வீதம் கொடுக்கிறார்கள். துண்டறிக்கைச் செலவு 3,000 ரூபாய். சர்க்கரை நீங்கலாக, ஒரு குடும்பம் வாங்கும் மற்றப் பொருள்களில் கடைக்குச் சராசரியாக 90 ரூபாய் லாபம் நிற்கிறது என்று கொள்வோம்.

வழக்கமான வார இறுதியில் வரும் வாடிக்கையாளர்களில் 300 பேர் ஆளுக்கு ஒரு கிலோ சர்க்கரை வாங்குவார்கள். இப்போது அதே பழைய வாடிக்கையாளர்களில் 500 பேர் ஆளுக்கு 2 கிலோ எடுக்கிறார்கள். ஆக 1,000 கிலோ போகிறது. கிலோவுக்கு 5 ரூபாய் வீதம் 5,000 ரூபாய் நட்டம். இத்துடன், சலுகை இல்லாதிருந்தால் அந்த 300 கிலோவில் கிடைத்திருக்க வேண்டிய 900 ரூபாய் லாபமும் போயிற்று. மேலும், கூடுதலாக எடுத்த 700 கிலோ பெரும்பாலும் அடுத்தடுத்த வாரங்களில் முழு விலைக்கு வாங்கியிருக்க வேண்டிய சர்க்கரைதான். அதில் இழந்த லாபம் 2,100 ரூபாய் வரை. இவை மூன்றும் சேர்ந்து 8,000 ரூபாய். எப்படியும் கடைக்கு வரவிருந்தவர்களுக்கே கொடுத்த தொகை இது.

புதிதாக வந்தவர்கள் 200 பேர். இவர்களில் 80 பேர் சர்க்கரையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மற்ற 120 பேர் சர்க்கரையோடு வேறு சாமான்களும் வாங்குகிறார்கள். இருநூறு பேரும் சேர்ந்து எடுத்த 400 கிலோவில் நட்டம் 2,000 ரூபாய். அந்த 120 பேரிடம் மற்றப் பொருள்களில் கிடைத்த லாபம் 10,800 ரூபாய்.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். செலவு 8,000, 2,000, 3,000 ஆக மொத்தம் 13,000 ரூபாய். வரவு 10,800 ரூபாய். அந்த வார இறுதியில் கடைக்கு 2,200 ரூபாய் கை நட்டம். புதியவர்களில் 145 பேராவது மற்றப் பொருள்களையும் வாங்கியிருந்தால்தான் அந்த இரண்டு நாளிலேயே கணக்கு நேராகியிருக்கும்.

ஆயினும் கடைக்காரர் கவலைப்படாமல் இருக்கக் காரணம் உண்டு. அந்த 120 பேரில் 40 பேர் அடுத்த பதினைந்து நாளில் சலுகை ஏதுமின்றி இன்னொரு முறை வந்தால் 3,600 ரூபாய் லாபம் வந்துவிடும். அதாவது, திரும்பி வருபவர்கள்தாம் இந்தத் திட்டத்தின் உண்மையான வரவு. முதல் நாள் கூட்டத்தை மட்டும் பார்த்து வெற்றி என்று முடிவு செய்பவர் கணக்கின் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

சர்க்கரையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுபவர்களால்தானே கடைக்குப் பெரிய நட்டம்?

அப்படித்தான் கடைக்காரர்கள் பலரும் நினைக்கிறார்கள். கல்லாவுக்கு முன்னால் இரண்டு கிலோ சர்க்கரையுடன் நிற்பவர் கண்ணில் படுகிறார் என்பதே அதற்குக் காரணம். ஆனால் மேலே உள்ள கணக்கில் அந்த 80 பேரால் ஏற்பட்ட நட்டம் 800 ரூபாய்தான். வழக்கமாக வருகிறவர்களால் ஏற்பட்டதோ அதைப் போலப் பத்து மடங்கு. அவர்களுடைய பில் பெரியதாக இருப்பதால் அந்த இழப்பு அதற்குள் மறைந்துபோகிறது.

மளிகைக் கடைகளுக்குக் கணக்கு எழுதிய காலத்தில் இந்த இடத்தில்தான் நான் அதிகமாக வாதாட வேண்டியிருந்தது. கணக்குப் புத்தகத்தில் சர்க்கரை நட்டம் 1,400 கிலோவுக்கு 7,000 ரூபாய் என்றுதான் தெரியும். கைவிட்ட பழைய லாபமும், அடுத்த வாரங்களில் குறைந்த விற்பனையும் சேர்ந்து உண்மைச் செலவு 10,000 ரூபாய் என்பது எந்த வரியிலும் எழுதப்பட்டிருக்காது. புதியவர்கள் குறைவாகவும் பழையவர்கள் அதிகமாகவும் இருக்கும் கடைக்கு, குறிப்பாக ஊரில் ஏற்கெனவே பெரும்பாலோர் வந்து போகும் கடைக்கு, ஈர்ப்புப் பொருள் அநேகமாகப் பயன் தராது என்பது என் முடிவு. புதிதாகக் கிளை திறப்பவருக்கும், எதிரே போட்டிக் கடை வந்தவருக்கும் இது பொருந்துகிறது. நிலைபெற்ற ஒரே கடைக்கு இது வீண் செலவு.

‘ஒரு பில்லுக்கு 2 கிலோ மட்டும்’ என்று கட்டுப்பாடு வைப்பது ஏன்? அதிகம் விற்றால் நல்லதுதானே?

நட்டத்தில் விற்கும் பொருள் அதிகம் விற்றால் நட்டம்தான் அதிகமாகும். கடைக்கு வேண்டியது அதிகக் கிலோ அல்ல, அதிக ஆட்கள். பத்துப் பேர் இரண்டிரண்டு கிலோ எடுத்தால் பத்துக் குடும்பங்கள் உள்ளே வந்திருக்கின்றன. ஒருவரே இருபது கிலோ எடுத்தால் வந்தது ஒரே குடும்பம்.

அந்த ஒருவர் பெரும்பாலும் குடும்பத் தேவைக்கு வாங்குபவராகவும் இருப்பதில்லை. தேநீர்க் கடை நடத்துபவரும், பக்கத்துத் தெருவில் சிறு மளிகைக் கடை வைத்திருப்பவரும், மொத்த வியாபாரியிடம் வாங்குவதைவிட இங்கே வாங்குவது மலிவு என்று கண்டுகொள்கிறார்கள். அவர்கள் செய்வதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் கடைக்காரரின் பணம் எந்தப் புதிய குடும்பத்தையும் அழைத்து வராமலே கரைந்துவிடுகிறது. கட்டுப்பாடு இல்லாத சலுகையில் காலை பதினொரு மணிக்குள் இருப்பு தீர்ந்து, மாலையில் குடும்பத்தோடு வந்தவர்கள் வெறும் அலமாரியைப் பார்த்துத் திரும்பியதை நானே கண்டிருக்கிறேன். ‘500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் மட்டும்’ என்ற நிபந்தனையும் இதே நோக்கத்துக்குத்தான். ஆனால் அது சலுகையின் ஈர்ப்பைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. துண்டறிக்கையைப் படிப்பவர் நிபந்தனையைக் கண்டதும் அதைக் கீழே வைத்துவிடுகிறார்.

இதை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து செய்து வெற்றி பெற்றவர்கள் இருக்கிறார்களா?

மிகவும் பேசப்படும் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் காஸ்ட்கோ நிறுவனம். அங்கே சுட்ட முழுக் கோழி 4.99 டாலருக்கு விற்கப்படுகிறது. 2009 முதல் அந்த விலை மாறவில்லை. மற்றக் கடைகள் விலையை உயர்த்தியபோதும் தாங்கள் உயர்த்தாமல் இருப்பதால், ஆண்டுக்கு 3 முதல் 4 கோடி டாலர் வரை மொத்த லாபத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்று அந்நிறுவனத்தின் நிதித் தலைவராக இருந்த ரிச்சர்ட் கலாண்டி 2015-இல் வெளிப்படையாகவே கூறினார். பிறகு அந்தச் செலவைக் கட்டுக்குள் வைப்பதற்காக, 2019-இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஃப்ரீமாண்ட் நகரில் தங்களுக்கென்றே கோழி பதப்படுத்தும் ஆலை ஒன்றைத் தொடங்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கோழி வைக்கப்பட்டிருக்கும் இடம் கடையின் பின்கோடி; அதை எடுக்கப் போகிறவர் கடை முழுவதையும் கடந்து போய்த் திரும்புகிறார். அடுத்தது, காஸ்ட்கோவின் லாபத்தில் பெரும் பங்கு பொருள்களிலிருந்து அல்லாமல் ஆண்டு உறுப்பினர் கட்டணத்திலிருந்து வருகிறது. கோழிக்காக வருபவர் ஏற்கெனவே கட்டணம் செலுத்தியவர். மலிவான கோழி அவரை அடுத்த ஆண்டும் கட்டணம் செலுத்த வைக்கிறது. உறுப்பினர் கட்டணம் இல்லாத நம் ஊர்க் கடை அந்தக் கோழியின் விலையை மட்டும் பார்த்து அதே வழியில் போனால், ஈடு செய்ய அதற்கு வேறு வருமானம் இருக்காது.

‘எம்.ஆர்.பி.யில் பாதி விலை’ என்று சோப்பும் பிஸ்கட்டும் விற்கிறார்களே, அதுவும் நட்ட விற்பனைதானா?

பெரும்பாலும் இல்லை. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச வரம்பு மட்டுமே. கடையின் கொள்முதல் விலைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கடை அந்தப் பொருளை எம்.ஆர்.பி.யில் பாதிக்கும் குறைவாகவே வாங்கியிருக்கலாம். அல்லது தயாரிப்பு நிறுவனமே அந்தத் தள்ளுபடியை ஏற்றுக்கொண்டு, விற்ற எண்ணிக்கைக்கு ஏற்பக் கடைக்குப் பணம் திருப்பித் தரலாம். அப்போது நட்டமோ விளம்பரச் செலவோ, எதுவாயினும் அது நிறுவனத்துடையது. கடைக்கு வழக்கமான லாபம் நின்றுவிடுகிறது. காலாவதி தேதி நெருங்கிய சரக்கைக் கழித்துக் கட்டுவதும் வேறு காரியம். அங்கே நோக்கம் ஆள் சேர்ப்பதல்ல, முழு நட்டத்தைப் பாதி நட்டமாக்குவது.

உண்மையான ஈர்ப்புப் பொருளை அடையாளம் காண ஒரு வழி உண்டு. எம்.ஆர்.பி.யோடு ஒப்பிடாமல், அதே வாரத்தில் மொத்தக் கடையில் ஒரு மூட்டையின் விலை என்ன என்று கேட்டுக் கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள். சில்லறை விலை அதற்கும் கீழே இருந்து, அளவுக் கட்டுப்பாடும் இருந்து, பொருள் நுழைவாயிலிலிருந்து தொலைவில் வைக்கப்பட்டிருந்தால், அது ஆள் அழைக்க வைத்த பொருள் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

விளம்பரத்தைப் பார்த்துக் காலையிலேயே போனாலும் ‘தீர்ந்துவிட்டது’ என்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா?

கடையில் போதிய இருப்பு வைத்து, எதிர்பாராத கூட்டத்தால் தீர்ந்திருந்தால் ஏமாற்று இல்லை. கொடுக்கும் எண்ணமே இல்லாமல், அல்லது பெயருக்குப் பத்துப் பொட்டலம் மட்டும் வைத்துவிட்டு ஊரெங்கும் அறிவித்திருந்தால், அது ஈர்ப்புப் பொருள் என்ற முறையைச் சேர்ந்ததே அல்ல, தூண்டில் விளம்பரம். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது நேர்மையான கடைக்காரர்களுக்கு அநீதி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளில் தூண்டில் விளம்பரத்துக்குத் தனி விதி இருக்கிறது. அறிவித்த விலையில் விற்பதற்கு நியாயமான வாய்ப்பு இல்லாத பொருளைக் காட்டி ஆள் அழைக்கக் கூடாது; எதிர்பார்க்கத்தக்க தேவைக்குப் போதிய இருப்பு வைத்திருக்க வேண்டும்; இருப்பு குறைவு என்றால் அதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆகவே துண்டறிக்கையைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் குறைதீர் அமைப்புகளிடம் முறையிடும்போது அதுதான் முதல் சான்று.

அடக்க விலைக்குக் கீழே விற்பது சட்டப்படி குற்றமா?

இந்தியாவில் பொதுவாக இல்லை. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், 4-ஆம் பிரிவில், சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கும் நிறுவனம் போட்டியைக் குறைக்கவோ போட்டியாளரை ஒழிக்கவோ அடக்கத்துக்குக் கீழே விற்பதைத் தடை செய்கிறது. ஆதிக்க நிலை இல்லாத கடை இரண்டு நாள் சர்க்கரையை நட்டத்தில் விற்பது இதற்குள் வராது.

ஜெர்மனி இன்னும் கண்டிப்பானது. அங்கே வால்மார்ட், ஆல்டி, லிடில் ஆகிய மூன்று நிறுவனங்கள் பால், வெண்ணெய் போன்ற சில அன்றாட உணவுப் பொருள்களைக் கொள்முதல் விலைக்கும் கீழே விற்றன. 2000 செப்டம்பரில் அந்நாட்டின் போட்டி ஆணையம் அதை நிறுத்த உத்தரவிட்டது. வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் பயன் சிறிது, தற்காலிகமானது. சிறு கடைகளுக்கு ஏற்படும் தடையோ நிலையானது என்பது ஆணையத்தின் வாதம். எல்லா நாடுகளும் அதே முடிவுக்கு வரவில்லை. அயர்லாந்து 1987-இல் கொண்டுவந்த இத்தகைய தடையை 2006-இல் நீக்கிவிட்டது. தடை, விலைகளை உயர்வாகவே வைத்திருந்தது என்பதே அங்கே எழுந்த குறை.

நான் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எதிரே பெரிய கடை சர்க்கரையை என் அடக்கத்தைவிடக் குறைவாக விற்கிறது. நானும் குறைக்க வேண்டுமா?

வேண்டாம் ஐயா. பெரிய கடை சர்க்கரையில் விடுவதை மற்ற ஆயிரம் பொருள்களில் எடுக்கிறது. உங்களிடம் வருபவர் அரைக் கிலோ சர்க்கரையும் ஒரு தேயிலைப் பொட்டலமும் மட்டுமே வாங்குகிறார் என்றால், நட்டத்தை ஏற்றிவைக்க அந்த பில்லில் வேறு பொருளே இல்லை. பெரிய கடையின் ஈர்ப்புப் பொருள் எதுவோ, அதில் மோதாமல் இருப்பதே உங்கள் முதல் பாதுகாப்பு. அந்த இரண்டு நாள் உங்கள் சர்க்கரை விற்பனை குறையும். அதை எதிர்பார்த்துக் கொள்முதலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதிலாக அந்தக் கடையின் மற்ற விலைகளை ஒரு முறை நடந்து பார்த்து எழுதி வாருங்கள். பெருங்காயம், கடுகு, சீரகம், ஊறுகாய், விளக்குத் திரி போன்றவற்றில் உங்கள் விலை குறைவாக இருப்பதை நீங்களே காணக்கூடும். நட்டத்தை ஈடு செய்ய அவர்கள் லாபத்தை ஏற்றி வைக்கும் இடங்கள் அவையே. ‘சர்க்கரை அங்கே, மற்றவை இங்கே’ என்று உங்கள் வாடிக்கையாளர் முடிவு செய்யும்படி அந்த விலைகளைப் பலகையில் எழுதி வெளியே வையுங்கள். மாதக் கணக்கில் கடன் தருவதும், பத்து ரூபாய்க்குக் கூடப் பிரித்துக் கொடுப்பதும் அவர்களால் செய்ய இயலாதவை.

இந்த முறை எப்போது வேலை செய்யாமல் போகும்?

சலுகை பழக்கமாகிவிடும்போது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சர்க்கரை 37 ரூபாய் என்று ஆனால், மூன்று மாதத்தில் மக்கள் மனத்தில் சர்க்கரையின் விலையே 37 ரூபாய் ஆகிவிடும். பிறகு 45 ரூபாய்க்கு விற்பது விலையேற்றமாகத் தெரியும். வாரநாள்களில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். எதிர்க்கடையும் அதே பொருளை அதே விலைக்கு இறக்கிவிட்டாலும் இதே கதிதான். இரண்டு கடைக்கும் புதிய ஆள் வராது, இரண்டுக்கும் நட்டம் மட்டும் நிற்கும். அதனால்தான் அனுபவமுள்ள கடைக்காரர்கள் பொருளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்: ஒரு வாரம் முட்டை, ஒரு வாரம் வெங்காயம், பண்டிகைக்கு முன்பு எண்ணெய்.

எப்போது நிறுத்துவது என்பதை அறிய, சலுகை நாள்களின் பில்களைச் சர்க்கரை மட்டும் உள்ளவை, சர்க்கரையோடு மற்றவையும் உள்ளவை என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாம் வகையின் எண்ணிக்கையை முந்தைய சலுகை வாரத்தோடு ஒப்பிட வேண்டும். கைபேசி எண் பதிவு செய்யும் கடையானால், புதிய எண்கள் எத்தனை, அவற்றில் சலுகை இல்லாத வாரத்தில் மீண்டும் வந்தவை எத்தனை என்பதையும் பார்க்கலாம். அப்படி மீண்டும் வந்தவர்களின் எண்ணிக்கை தொடர்ந்து இரண்டு முறை குறைந்தால், அந்தப் பொருளை அடக்கத்துக்கு மேலே ஏற்றிவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்துவிட்டது.